மீதமிருக்கும் விடுப்புக்கு ஆண்டு முடிவில் ஒதுக்கீடு, பணம் கொடுக்கும்போது பதிவு: முழு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய நிறுவனத்தின் கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது, அதன் பேரேட்டில், எடுக்காத விடுப்பைப் பணமாகக் கொடுப்பதற்கான லீவ் என்கேஷ்மென்ட் ஒதுக்கீடு என்ற கணக்கில் வரவுப் பக்கம் மூன்று பதிவுகள் இருந்தன, ஆண்டுக்கு ஒன்று. பற்றுப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று ஆண்டுகளிலும் வேலையை விட்டுப் போனவர்களுக்குப் பணம் கொடுத்திருந்தார்கள், ஆனால் கொடுத்த ஒவ்வொரு முறையும் சம்பளச் செலவில் எழுதியிருந்தார்கள். மார்ச் 31 வந்ததும் மீதமுள்ள எல்லா நாட்களுக்கும் புதிதாக முழுத் தொகையையும் செலவாக எழுதினார்கள். ஒரே விடுப்பு நாள் இரண்டு மூன்று முறை செலவாகி, கொடுக்க வேண்டியதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பொறுப்பு இருப்புநிலைக் குறிப்பில் நின்றது.

இந்தத் தவறு பல இடங்களில் நடக்கிறது. ஒதுக்கீடு போடுவது எல்லோருக்கும் தெரிந்த வேலைதான், அதைக் கொடுக்கும் பணத்தோடு இணைப்பதில்தான் சிக்கல். அதனால் ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஓர் இந்திய நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு ஆண்டு முடிவுகளையும் நடுவில் வரும் இரண்டு பட்டுவாடாக்களையும் எண்களோடு போட்டுப் பார்ப்போம்.

## இது ஏன் இந்த ஆண்டின் செலவு

ஊழியர் வேலை செய்தார், அதனால் அவருக்கு விடுப்பு சேர்ந்தது. அதை அவர் எடுக்கவில்லை, ஆனால் விதிப்படி அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம், அல்லது பணமாக வாங்கலாம். வேலை நடந்து முடிந்துவிட்டது, அதற்கான விலையைத்தான் நிறுவனம் இன்னும் கொடுக்கவில்லை. எப்போது கொடுப்போம், எந்த நாளில் எவர் விலகுவார் என்பது தெரியாமல் இருக்கலாம், ஆனால் கடமை உருவானது இந்த ஆண்டில்தான்.

"அவர் எல்லா விடுப்பையும் எடுத்துவிட்டால் பணமே கொடுக்க வேண்டியதில்லையே, அப்புறம் எப்படி இது பொறுப்பு" என்று முதலாளிகள் கேட்பார்கள். இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பாரத் எர்த் மூவர்ஸ் வழக்கில் 2000ஆம் ஆண்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இது நிகழ்ந்தால் மட்டும் வரும் பொறுப்பு அல்ல, இப்போதே இருக்கிற பொறுப்பு, கொடுக்கும் தேதிதான் பின்னால் வருகிறது, தொகையை நியாயமாகக் கணிக்க முடிந்தால் போதும். (அந்தத் தீர்ப்பு வரிக்கழிவுக்குத் தந்த பலனைச் சட்டம் பிறகு மாற்றிவிட்டது, அதற்குக் கீழே வருகிறேன்.) கணக்கியல் தரம் 15-உம் இதே நிலையில்தான் இருக்கிறது.

## எந்த விடுப்பை எண்ண வேண்டும்

முதலில் நிறுவனத்தின் விடுப்பு விதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லை என்றால், இதுவரை எப்படிக் கொடுத்து வந்தார்கள் என்று கேட்டு எழுதி, நிர்வாகத்தின் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாமல் போடும் எந்தக் கணக்கும் அடுத்த ஆண்டு மாறிவிடும்.

பணமாக மாற்றக்கூடிய விடுப்பை மட்டுமே இந்த ஒதுக்கீட்டில் எண்ண வேண்டும். பெரும்பாலும் அது ஈட்டிய விடுப்பு ஒன்றுதான். ஆண்டு முடிந்தால் காலாவதியாகும் தற்செயல் விடுப்புக்கு மார்ச் 31 அன்று பொறுப்பு எதுவும் இல்லை. மருத்துவ விடுப்பு அடுத்த ஆண்டுக்குச் சேரும், ஆனால் பணம் கிடையாது என்றால், அது தனிக் கணக்கு. அடுத்த ஆண்டு வழக்கமான அளவுக்கு மேல் அவர்கள் எடுக்கப்போகும் நாட்களை அனுமானித்துப் போட வேண்டிய ஒன்று, ஆனால் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்குத் தரம் 15 இதிலிருந்து விலக்கு தருகிறது. இதை என்கேஷ்மென்ட் தாளில் கலக்காதீர்கள்.

அப்புறம் உச்சவரம்பு. முப்பது நாளுக்கு மேல் சேர்க்க முடியாது, மிச்சம் காலாவதி என்று விதி இருந்தால் 38 நாள் வைத்திருப்பவருக்கும் 30 நாளுக்குத்தான் ஒதுக்கீடு. முப்பதுக்கு மேல் இருப்பதைப் பணமாகக் கொடுத்துவிடுவோம் என்று விதி இருந்தால் 38 நாளுக்கும் வேண்டும். விதியில் ஒரு வரி மாறினால் எட்டு நாள் சம்பளம் மாறுகிறது.

## ஒரு நாளின் விலை

இரண்டு கேள்விகள்: எந்தச் சம்பளம், எதால் வகுப்பது.

சம்பளம் என்பது, விதி வேறு சொல்லாவிட்டால், வழக்கமாக அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. கைக்கு வரும் தொகையை எடுப்பதும், நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவை எடுப்பதும் தவறு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் இதில் ஒரு மாற்றம் கவனிக்க வேண்டும். ஊதியத்தின் வரையறையிலிருந்து விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்கில் சேரும். அடிப்படைச் சம்பளத்தை முப்பது, நாற்பது சதவீதத்தில் வைத்திருக்கும் நிறுவனங்களில் இதனால் ஒரு நாள் விலை ஏறும். அந்த ஏற்றம் பழைய நாட்கள் எல்லாவற்றின் மீதும் விழும் என்பதால், அப்படிப்பட்ட நிறுவனத்தின் ஒதுக்கீடு 2026 மார்ச்சில் ஒரேயடியாகக் கூடியிருந்தால் ஆச்சரியமில்லை.

வகுக்கும் எண் முப்பதா இருபத்தாறா என்பதை விதியிலிருந்தோ, இதுவரை உண்மையில் கொடுத்த பட்டுவாடாக்களிலிருந்தோ எடுங்கள். பணம் கொடுக்கும்போது 26-ஆல் வகுத்துவிட்டு ஒதுக்கீட்டை 30-ஆல் வகுத்துப் போட்டால், ஒவ்வொரு பட்டுவாடாவும் ஒதுக்கியதைவிட ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாக வரும், காரணம் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

## தாளைத் தயாரிப்பது

ஒரு எக்செல் தாள் போதும். ஊழியர், மார்ச் மாதச் சம்பளம், மார்ச் 31 அன்று மீதமுள்ள நாட்கள், தொகை. சம்பளம் C நெடுவரிசையிலும் நாட்கள் D-யிலும் இருந்தால் தொகைக்கு இது:

```
=ROUND(C2/30*MAX(D2,0),0)
```

அந்த MAX ஏன் என்றால், முன்கூட்டியே விடுப்பு எடுத்துவிட்டவர்களின் மீதம் மைனசில் நிற்கும். அவரிடமிருந்து நமக்கு வர வேண்டியதை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியதிலிருந்து கழிக்கக் கூடாது. அவர் விலகினால் அந்தத் தொகையைப் பிடிக்க விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தனியாக முடிவெடுங்கள்.

தாளை மூடுமுன் ஒரு வேலை இருக்கிறது, பலரும் தவிர்ப்பது இதைத்தான். மார்ச்சில் எடுத்து, விண்ணப்பம் ஏப்ரலில் வந்த விடுப்புகளைத் தேடுங்கள். மார்ச் மாத வருகைப் பதிவேட்டில் ஒருவர் நான்கு நாள் வரவில்லை, விடுப்புப் பதிவேட்டில் ஒரு நாள்தான் கழிந்திருக்கிறது என்றால் மூன்று நாள் அதிகமாக ஒதுக்கியிருக்கிறீர்கள். முழு ஆண்டையும் பார்க்க நேரமில்லை என்றால் பிப்ரவரியும் மார்ச்சும் மட்டுமாவது பாருங்கள்.

## முதல் ஆண்டு: 2025 மார்ச் 31

நம் உதாரண நிறுவனத்தில் மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். விதி: ஆண்டுக்கு 18 நாள் ஈட்டிய விடுப்பு, அதாவது மாதத்துக்கு ஒன்றரை நாள். முப்பது நாள் வரை சேர்க்கலாம். மார்ச் 31 அன்று முப்பதுக்கு மேல் இருந்தால் அதிகமான நாட்களுக்கு ஏப்ரலில், மார்ச் மாத விலையில் பணம். வகுக்கும் எண் 30.

கணக்காளருக்குச் சம்பளம் 36,000, ஒரு நாள் 1,200, மீதம் 20 நாள், தொகை 24,000. மேற்பார்வையாளருக்கு 30,000, ஒரு நாள் 1,000, மீதம் 35 நாள், தொகை 35,000. விற்பனையாளருக்கு 24,000, ஒரு நாள் 800, மீதம் 12 நாள், தொகை 9,600. கூட்டினால் 68,600 ரூபாய்.

இதற்கான பதிவு:

லீவ் என்கேஷ்மென்ட் செலவு க/கு பற்று 68,600
லீவ் என்கேஷ்மென்ட் ஒதுக்கீடு க/கு வரவு 68,600
(2025 மார்ச் 31 அன்று மீதமுள்ள 67 நாள் ஈட்டிய விடுப்புக்கான ஒதுக்கீடு, இணைப்பு: விடுப்புத் தாள்)

டேலியில் என்றால் இது F7, Journal வவுச்சர். செலவுக் கணக்கை Indirect Expenses குழுவிலும், ஒதுக்கீட்டை Provisions குழுவிலும் திறங்கள். சம்பளம் பாக்கி என்ற கணக்கோடு இதைக் கலக்கவே கூடாது. அது அடுத்த மாதமே தீர்ந்துவிடும், இது வருடக்கணக்கில் நிற்கும், இரண்டும் சேர்ந்தால் எதையும் சரிபார்க்க முடியாது.

இந்த நிறுவனம் ஒதுக்கீடு போடுவது இதுதான் முதல் தடவை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 68,600 முழுவதும் இந்த ஆண்டின் செலவு இல்லையே. 2024 மார்ச் 31 அன்று இருந்த மீதத்துக்கு அப்போதைய சம்பளத்தில் 41,000 வந்திருக்கும் என்றால், அது முந்தைய ஆண்டுகளில் விட்டுப்போனது. கணக்கியல் தரம் 5-இன்படி முந்தைய காலத்துக்குரியது என்று லாப நட்டக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும், மீதி 27,600 தான் இந்த ஆண்டுக்குரியது. இதைப் பிரிக்காமல் விட்டால் அடுத்த ஆண்டு ஒப்பிடும்போது ஊழியர் செலவு காரணமில்லாமல் குறைந்ததுபோலத் தெரியும்.

## பணம் கொடுக்கும்போது

முதல் பட்டுவாடா ஏப்ரல் 2025. மேற்பார்வையாளரிடம் 35 நாள், வரம்பு 30. ஐந்து நாளுக்கு ஆயிரம் வீதம் 5,000 ரூபாய்.

லீவ் என்கேஷ்மென்ட் ஒதுக்கீடு க/கு பற்று 5,000
வங்கி க/கு வரவு 5,000

இங்கே செலவுக் கணக்கு வரவே கூடாது. செலவு மார்ச்சிலேயே எழுதியாகிவிட்டது, இப்போது பொறுப்பைத் தீர்க்கிறோம், அவ்வளவுதான். இதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தால் சம்பளப் பதிவில் ஒரு வரி கூடுதலாக வரும், அந்த வரியை ஒதுக்கீட்டுக் கணக்குக்கு இணைக்க வேண்டும். சம்பள மென்பொருளில் இதற்குத் தனிக் கூறு திறக்காமல் இதர வருமானம் என்று சேர்த்துவிட்டால் அது தானாகவே சம்பளச் செலவில் போய் உட்காரும். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் தொடங்கின.

இரண்டாவது பட்டுவாடா செப்டம்பர் 2025 முடிவில், விற்பனையாளர் விலகுகிறார். ஏப்ரலில் அவர் சம்பளம் 25,500 ஆகியிருந்தது, ஒரு நாள் 850. தொடக்கத்தில் 12 நாள், ஆறு மாதத்தில் சேர்ந்தது 9, எடுத்தது 6, மீதம் 15 நாள். கொடுக்க வேண்டியது 12,750.

அவருக்காக நாம் ஒதுக்கியிருந்தது 9,600 தான். மீதி 3,150 என்ன செய்வது? சிலர் பிரித்து எழுதுவார்கள், 9,600 ஒதுக்கீட்டில், 3,150 செலவில். தவறில்லை. ஆனால் ஒவ்வொருவர் விலகும்போதும் போன மார்ச் தாளைத் தேடிப் பிரிக்க வேண்டும், நடுவில் சேர்ந்து நடுவில் போனவருக்கு ஒதுக்கீடே இருக்காது. என் வழக்கம், கொடுக்கும் முழுத் தொகையையும் ஒதுக்கீட்டில் பற்று எழுதுவது:

லீவ் என்கேஷ்மென்ட் ஒதுக்கீடு க/கு பற்று 12,750
வங்கி க/கு வரவு 12,750

ஒதுக்கீட்டில் கூடுதலாகப் போன 3,150 மார்ச் 31 அன்று தானாகச் சரியாகும், எப்படி என்று அடுத்த பகுதியில் தெரியும். இந்த வழியில் இன்னொரு வசதி, ஆண்டு முழுவதும் கொடுத்த பணம் எல்லாம் ஒரே கணக்கின் பற்றுப் பக்கத்தில் இருக்கும். வரிக் கணக்குக்கு அந்தப் பட்டியல்தான் தேவை.

பிடித்தம் இருந்தால் கவனம். உதாரணமாக ஒரு மேலாளருக்கு 60,000 ரூபாய் என்கேஷ்மென்ட், அதில் வருமான வரிப் பிடித்தம் 12,000 என்றால்:

லீவ் என்கேஷ்மென்ட் ஒதுக்கீடு க/கு பற்று 60,000
சம்பள டிடிஎஸ் செலுத்த வேண்டியது க/கு வரவு 12,000
வங்கி க/கு வரவு 48,000

வங்கி அறிக்கையைப் பார்த்து எழுதுபவர்கள் 48,000-ஐ மட்டும் ஒதுக்கீட்டில் பற்று வைத்துவிட்டு, டிடிஎஸ் கட்டும்போது 12,000-ஐச் சம்பளத்தில் எழுதிவிடுகிறார்கள். ஒதுக்கீட்டில் போக வேண்டியது பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகை.

வேலையில் இருக்கும்போதே வாங்கும் என்கேஷ்மென்ட் முழுவதும் ஊழியர் கையில் வரிக்குரிய சம்பளம். ஓய்வின்போது தனியார் ஊழியருக்கு விலக்கு உண்டு, அதன் உச்சவரம்பு 3 லட்சமாக இருந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் 25 லட்சம் ஆனது. அந்த உச்சவரம்போடு பத்து மாதச் சராசரிச் சம்பளம், உண்மையில் பெற்ற தொகை, மீத விடுப்பின் மதிப்பு ஆகியவற்றையும் ஒப்பிட்டு, நான்கில் குறைந்ததுதான் விலக்காகும். வருங்கால வைப்பு நிதியைப் பொறுத்தவரை, என்கேஷ்மென்ட் அடிப்படை ஊதியத்தில் சேராது என்று 2008இல் மணிப்பால் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நம் உதாரணத்தில் இருவருக்கும் வரி வரும் அளவு சம்பளம் இல்லாததால் பிடித்தம் எதுவும் இல்லை.

## இரண்டாம் ஆண்டு முடிவு: 2026 மார்ச் 31

மீண்டும் தாளைப் புதிதாகப் போடுகிறோம். கணக்காளரின் சம்பளம் இப்போது 39,000, ஒரு நாள் 1,300. தொடக்கம் 20, சேர்ந்தது 18, எடுத்தது 10, மீதம் 28. தொகை 36,400. மேற்பார்வையாளருக்கு 33,000, ஒரு நாள் 1,100. பணமாக்கியது போக 30, சேர்ந்தது 18, எடுத்தது 14, மீதம் 34. தொகை 37,400. நவம்பரில் சேர்ந்த புதிய விற்பனையாளருக்கு 24,000, ஒரு நாள் 800, ஐந்து மாதத்தில் சேர்ந்தது ஏழரை நாள், எடுத்தது 2, மீதம் ஐந்தரை. தொகை 4,400.

மார்ச் 31 அன்று இருக்க வேண்டிய ஒதுக்கீடு 78,200.

இந்தத் தொகையை அப்படியே செலவில் எழுதுவதுதான் நான் முதலில் சொன்ன நிறுவனம் செய்த தவறு. முதலில் பேரேட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொடக்கம் 68,600, அதில் 5,000 போனது, 12,750 போனது, நிற்பது 50,850. இருக்க வேண்டியது 78,200. வித்தியாசம் 27,350, எழுத வேண்டியது அது மட்டும்:

லீவ் என்கேஷ்மென்ட் செலவு க/கு பற்று 27,350
லீவ் என்கேஷ்மென்ட் ஒதுக்கீடு க/கு வரவு 27,350

வித்தியாசம் எதிர்ப்பக்கம் வந்தால், அதாவது பலர் விடுப்பை எடுத்துவிட்டதால் பேரேட்டு மீதம் தேவையைவிட அதிகமாக நின்றால், இதே பதிவைத் திருப்பி எழுதி செலவைக் குறைக்க வேண்டும்.

இந்த 27,350 எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள், உங்கள் வேலை சரியா என்று காட்டும் சோதனை இதுதான். பழைய நாட்களின் விலை ஏறியது ஒரு பகுதி: கணக்காளரின் 20 நாளுக்கு நூறு வீதம் 2,000, மேற்பார்வையாளரின் 30 நாளுக்கு 3,000, விலகியவரின் 12 நாளுக்கு ஐம்பது வீதம் 600, ஆக 5,600. இந்த ஆண்டு நிகரமாகக் கூடிய நாட்கள் இன்னொரு பகுதி: கணக்காளருக்கு 8 நாள் 10,400, மேற்பார்வையாளருக்கு 4 நாள் 4,400, விலகியவருக்கு 3 நாள் 2,550, புதியவருக்கு 4,400, ஆக 21,750. இரண்டும் சேர்ந்து 27,350. விலகியவருக்குக் கூடுதலாகக் கொடுத்த 3,150 இதற்குள் 600 ஆகவும் 2,550 ஆகவும் வந்துவிட்டதைக் கவனியுங்கள், அதனால்தான் பட்டுவாடா நேரத்தில் பிரிக்கத் தேவையில்லை என்றேன்.

முதலாளியிடம் இதைக் காட்டினால் இன்னொரு விஷயமும் புரியும். சம்பள உயர்வு கொடுக்கும்போது இனி வரும் மாதங்களின் சம்பளம் மட்டும் ஏறுவதில்லை, ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் ஒவ்வொரு நாளின் விலையும் ஏறுகிறது. விடுப்பைச் சேர்த்து வைக்கவிடும் நிறுவனத்துக்கு அதன் விலை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும்.

## வேறு வழிகளில் எழுதியிருந்தால்

பட்டுவாடாவைச் செலவில் எழுதிவிட்டவர்கள் பதற வேண்டாம். 5,000-உம் 12,750-உம் சேர்ந்த அந்த 17,750 செலவில் போயிருந்தால் பேரேட்டில் ஒதுக்கீடு 68,600 ஆகவே நிற்கும், வித்தியாசம் 9,600 தான் எழுதுவீர்கள். மொத்தச் செலவு 17,750-உம் 9,600-உம் சேர்ந்து அதே 27,350. ஏப்ரல் 1 அன்று பழைய ஒதுக்கீட்டை முழுவதும் திருப்பி எழுதிவிட்டு, பட்டுவாடாக்களைச் செலவில் எழுதி, மார்ச்சில் 78,200-ஐப் புதிதாகப் போடுவதும் இன்னொரு வழி. அப்போதும் 27,350 தான் வரும்.

ஆக மூன்று வழிகளில் எதுவானாலும் செலவு ஒன்றே. கெடுவது இரண்டு வழிகளைக் கலக்கும்போது. பட்டுவாடாவைச் செலவில் எழுதி, பழைய ஒதுக்கீட்டைத் திருப்பாமல், 78,200-ஐயும் முழுதாக எழுதினால் செலவு 95,950, பொறுப்பு 1,46,800. அதனால் எந்த வழியில் போகிறோம் என்பதைத் தாளின் மேலேயே ஒரு வரியில் எழுதி வையுங்கள். கணக்கு எழுதுபவர் மாறும் ஆண்டில்தான் பெரும்பாலும் இந்தக் கலப்பு நடக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், எந்த வழியானாலும் கடைசிப் பதிவுக்குப் பிறகு பேரேட்டு மீதமும் விடுப்புத் தாளின் கூட்டுத்தொகையும் ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

## வருமான வரியில் என்ன ஆகும்

பாரத் எர்த் மூவர்ஸ் தீர்ப்பின்படி ஒதுக்கீடு போட்டாலே வரிக்கழிவு கிடைத்தது. அதற்குப் பதிலாக 2001இல் பிரிவு 43B-க்குள் (f) என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள்: விடுப்புக்குப் பதிலாக ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய தொகை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் கழிவாகும். இதைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2007இல் செல்லாது என்றது, உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் எக்சைடு வழக்கில் செல்லும் என்று முடித்துவைத்தது. 2026 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு, கொடுத்தால்தான் கழிவு என்ற விதி தொடர்கிறது. நம் உதாரணத்தின் இரண்டு ஆண்டுகளுக்கும் 1961 சட்டம்தான்.

ஒரு சலுகை உண்டு. ஆண்டு முடிந்தபின், அந்த ஆண்டின் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் கொடுத்துவிட்டால், அந்த ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம். ஏப்ரல் 2025இல் கொடுத்த 5,000 இப்படி 2024-25க்கே போய்விடும். அந்த ஆண்டில் கழிவு கிடைக்காமல் நின்றது 63,600.

2025-26க்கு: புத்தகத்தில் எழுதிய செலவு 27,350-ஐ வருமானத்தோடு கூட்டுங்கள். கொடுத்ததில் 12,750-ஐக் கழியுங்கள். ஏப்ரலில் கொடுத்த 5,000-ஐ இங்கே மீண்டும் கழிக்கக் கூடாது, அது போன ஆண்டிலேயே கழிந்துவிட்டது. பேரேட்டில் பார்த்து அப்படியே 17,750-ஐக் கழிப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் மேற்பார்வையாளரின் வரம்புக்கு மேற்பட்ட 4 நாள், 4,400 ரூபாய், ஏப்ரல் 2026இல் கொடுத்துவிட்டால் அதையும் கழிக்கலாம். ஆக இந்த ஆண்டின் கழிவு 17,150.

சரியா என்று பார்ப்பது சுலபம். கழிவு கிடைக்காமல் நிற்பது முன்பு 63,600, இப்போது 78,200 கழித்தல் 4,400, அதாவது 73,800. கூடியது 10,200. செலவு 27,350-இல் 10,200 போனால் 17,150. வரித் தணிக்கை இருந்தால் இதே எண்கள்தான் படிவம் 3CD-யின் 26ஆம் பத்தியில் போகும். அதனால் இந்த இரண்டு வரிச் சோதனையை விடுப்புத் தாளின் அடியிலேயே வைத்துவிடுங்கள்.

கம்பெனியாக இருந்தால் இந்த 73,800 மீது தள்ளிவைக்கப்பட்ட வரிச் சொத்தும் வரும். வரி விகிதம் 25.168 சதவீதம் என்றால் 18,574 ரூபாய், போன ஆண்டு 16,007, இந்த ஆண்டு கூட்ட வேண்டியது 2,567. பிற்காலத்தில் அதைப் பயன்படுத்தும் அளவு வரிக்குரிய லாபம் வரும் என்று நியாயமான உறுதி இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

## இந்த எளிய முறை எதுவரை செல்லும்

மார்ச் 31 அன்றே எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று வைத்துக் கணக்கிடும் இந்த முறையைக் கணக்கியல் தரம் 15 எல்லோருக்கும் அனுமதிக்கவில்லை. சிறிய, நடுத்தர நிறுவனமாக இருக்க வேண்டும், ஆண்டில் சராசரியாக வேலை செய்தவர்கள் 50 பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதைத் தாண்டி, விடுப்பும் ஓய்வு வரை சேர்ந்து போகக்கூடியது என்றால், ஆக்சுவரி என்ற கணிப்பு வல்லுநரின் மதிப்பீடு தேவை. வருங்காலச் சம்பள உயர்வு, எத்தனை பேர் நடுவில் விலகுவார்கள், தள்ளுபடி விகிதம் எல்லாவற்றையும் சேர்த்து அவர் ஒரு தொகை தருவார். அப்போதும் பதிவுகள் மாறாது. 78,200-க்குப் பதிலாக அவர் அறிக்கையின் தொகை வரும், பேரேட்டு மீதத்தோடு வித்தியாசத்தை எழுதுவீர்கள். ஆனால் அவருக்கு அனுப்பும் ஊழியர் பட்டியலில் நாட்கள் தவறாக இருந்தால் அறிக்கையும் தவறாகத்தான் வரும், அதனால் பிப்ரவரி, மார்ச் வருகைப் பதிவேட்டை ஒப்பிடும் வேலை அங்கேயும் உங்களுடையது.

இருப்புநிலைக் குறிப்பில் இந்தத் தொகையை நடப்பு, நீண்டகாலம் என்று பிரிக்க வேண்டும். ஊழியர் எப்போது கேட்டாலும் விடுப்போ பணமோ கொடுத்தாக வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட நமக்கு உரிமை இல்லை என்றால், முழுவதும் நடப்புப் பொறுப்பில்தான் வரும். நம் உதாரணத்தில் எவர் வேண்டுமானாலும் நாளையே விடுப்பு கேட்கலாம், விலகலாம். அதனால் 78,200-உம் குறுகிய கால ஒதுக்கீடுகள் என்ற தலைப்பில் போகிறது.